குரலுக்கு வந்த மகுடம்: அமண்டா வைட்மனின் கர்நாடக இசை ஆய்வு

2006இல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘சிங்கிங் த கிளாசிக்கல், வாய்சிங் த மாடர்ன்’ என்னும் நூலில் மானிடவியலாளர் அமண்டா வைட்மன் முன்வைக்கும் வாதம் துணிச்சலானது. கர்நாடக இசையின் தூய்மைக்கு வாய்ப்பாட்டே உரைகல் என்ற எண்ணம் தொன்றுதொட்டு வந்ததன்று. காலனிய ஆட்சி, அச்சு, கச்சேரி மேடை, கிராமபோன் ஆகியவற்றோடு சேர்ந்து உருவானது என்கிறார் அவர்.

வயலின் பற்றிய பகுதியே நூலின் உயிர்நாடி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் இங்கு வேரூன்றியதாகக் கருதப்படும் இந்த ஐரோப்பியக் கருவி, பாடகரின் குரல் அசைவுகளான கமகங்களை நிழல்போலத் தொடர்ந்தே, குரல்தான் மூலம் என்னும் நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது எனக் காட்டுகிறார். சென்னையில் வயலின் கற்றவர் என்பதால் குருகுல அனுபவமும் இங்கே சான்றாகிறது. இந்த வாதத்தைத் தயங்காமல் ஏற்கலாம்.

ஆனால் அவருடைய சான்றுகளில் பெரும்பகுதி, இசையைப் பற்றி மக்கள் எழுதியவையும் பேசியவையுமே. அவை கருத்து மாறியதை ஐயமற நிறுவுகின்றன. பாடும் முறையே மாறியது என்பதற்குப் போதா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க இசைத்தட்டுகளில் ஒரே கீர்த்தனையைப் பலர் பாடியவற்றை ஒப்பிட்டு, கமகமும் பாட்டின் வேகத்தைக் குறிக்கும் காலப்பிரமாணமும் எங்கே வேறுபடுகின்றன என்று ஆராய்ந்திருந்தால் வாதம் இன்னும் உறுதிபெற்றிருக்கும். தமிழிசை இயக்கம் குறித்த பகுதிக்கு இக்குறை பொருந்தாது. அங்கே விவாதமே ஆய்வுப்பொருள்.