தடுப்பூசிக் குளிர்பெட்டிக் கண்காணிப்பு: முதலீட்டாளருக்கான ஒருபக்கக் குறிப்பு (திருத்திய வடிவம்)

பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரிலேயே இருக்க வேண்டும். ஆனால் பல சிறிய மருத்துவமனைகளில், ஊழியர் ஒருவர் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதோடு கண்காணிப்பு முடிந்துவிடுகிறது. இரவில் மின்சாரம் நின்று விடிவதற்குள் திரும்பிவிட்டால், மருந்து சூடேறியது யாருக்கும் தெரிவதில்லை. உறைவது இன்னும் மோசம்: ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒருமுறை உறைந்தாலே வீரியம் இழக்கும்.

எங்கள் உணர்கருவி நிமிடந்தோறும் வெப்பநிலையைப் பதிந்து, எல்லை மீறினால் பொறுப்பாளரின் கைப்பேசியை அழைக்கிறது.

ஒன்றிரண்டு குளிர்பெட்டிகள் மட்டுமே உள்ள தனியார் மருத்துவமனைகளே எங்கள் முதல் சந்தை. உலகளாவிய சந்தை மதிப்பை இங்கே தரவில்லை. நாங்கள் பெயர் பெயராகப் பட்டியலிட்டு, நேரில் சென்று விற்கக்கூடிய 640 இடங்களையே கணக்கில் கொண்டுள்ளோம்.

ஆறு மாத இலவசச் சோதனையில் பங்கேற்ற 14 மருத்துவமனைகளில் 11 இப்போது ஆண்டுச் சந்தா செலுத்துகின்றன. விலகிய மூன்றும் சொன்ன காரணம் ஒன்றே: கதவைத் திறக்கும்போதெல்லாம் எச்சரிக்கை வந்தது. ஆகவே, பத்து நிமிடம் நீடிக்கும் மீறலுக்கு மட்டுமே அழைப்பு செல்லுமாறு மாற்றியுள்ளோம். இந்த மாற்றத்துக்குப் பின் சந்தாதாரர் எவரும் விலகவில்லை.

பதினெட்டு மாதச் செலவுக்கான விதை முதலீட்டைக் கோருகிறோம். அதன் பெரும்பகுதி கருவித் தயாரிப்புக்கும், எஞ்சியது இரண்டு விற்பனைப் பணியாளர்களுக்கும் செல்லும்.