பிரிவு 7: ஏர்-கூல்டு ஸ்க்ரூ சில்லர் – செயல்திறன், பகுதிச் சுமை, சத்தம், தொழிற்சாலைச் சோதனை

7.1 எங்கே, எதற்கு

திருச்சியில் கட்டப்படும் 300 படுக்கை மருத்துவமனைக்கு மூன்று சில்லர்கள் வேண்டும். இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். ஒவ்வொன்றும் 200 டன், அதாவது 703 கிலோவாட். மூன்றும் ஆறாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகின்றன. கீழே தீவிர சிகிச்சைப் பிரிவு, கிழக்கே 45 மீட்டரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜன்னல்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த இடத்தை வைத்து எழுதியவை. உங்கள் கேட்டலாக்கும் இந்தப் பிரிவும் முரண்பட்டால் இந்தப் பிரிவுதான் செல்லும். "தயாரிப்பாளரின் வழக்கப்படி" என்று பதில் எழுதினால் அந்த இடத்தில் பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்வோம்.

7.2 முழுச் சுமை

இவாப்பரேட்டருக்குள் 12 டிகிரியில் வரும் தண்ணீர் 7 டிகிரியில் வெளியேற வேண்டும். ஓட்டம் நொடிக்கு 33.6 லிட்டர். இவாப்பரேட்டரில் அழுத்த இழப்பு 50 கிலோபாஸ்கலைத் தாண்டக் கூடாது. ஃபவுலிங் அளவு கிலோவாட்டுக்கு 0.018 சதுர மீட்டர்-கெல்வின். கண்டென்ஸர் காயிலுக்குள் போகும் காற்று 42 டிகிரி. இந்த நிலையில் 703 கிலோவாட் முழுதாகக் கிடைக்க வேண்டும். கம்ப்ரஸர், ஃபேன், டிரைவ், கன்ட்ரோல் பேனல் எல்லாம் சேர்த்து மின்சாரம் 255 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது. கம்ப்ரஸருக்கு மட்டும் கிலோவாட் காட்டி ஃபேனை அடிக்குறிப்பில் போடுவதை ஏற்க மாட்டோம்.

42 டிகிரி ஏன் என்று கேட்பீர்கள். ஏஹெச்ஆர்ஐ 551/591 தரப்படுத்தும் நிலை 35 டிகிரிதான், அந்த எண்ணையும் தனியாகத் தாருங்கள், அங்கே சிஓபி 3.2-க்குக் குறையக் கூடாது. ஆனால் திருச்சியில் மே மாத மதியம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல, அதோடு சூடேறிய கான்கிரீட் தளமும், பக்கத்து சில்லர் மேலே தள்ளிய வெந்த காற்றில் ஒரு பங்கு திரும்பி இந்தக் காயிலுக்குள்ளேயே வருவதும் சேர்ந்துகொள்ளும். அதனால் வானிலை நிலையத்தின் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம், காயிலின் வாயில் இருக்கும் காற்றை வைத்துப் போடுங்கள்.

அப்புறம், 46 டிகிரியில் சில்லர் ட்ரிப் ஆகக் கூடாது. தானாகச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் குறைந்தது 633 கிலோவாட், அதாவது 90 சதவீதம், விடாமல் தர வேண்டும். அறுவை சிகிச்சை அரங்குகள் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹை பிரஷர் அலாரம் அடித்து சில்லர் நிற்பதை இந்தக் கட்டடம் தாங்காது.

ரெஃப்ரிஜரன்ட் ஆர்-134ஏ அல்லது ஆர்-513ஏ. ஒன்றையொன்று சாராத இரண்டு சர்க்யூட்கள் இருக்க வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடித்ததும் 60 நொடிக்குள் முதல் கம்ப்ரஸர் கிளம்ப வேண்டும், 5 நிமிடத்துக்குள் முழுச் சுமை வர வேண்டும்.

கொள்ளளவிலும் மின்சாரத்திலும் எங்களுக்குப் பாதகமான சலுகை பூஜ்யம். 5 டிகிரி வித்தியாசத்தில் முழுச் சுமைக்கு ஏஹெச்ஆர்ஐ கணக்கில் சுமார் 5.2 சதவீதம் வரை சலுகை கிடைக்கும் என்பது தெரியும். அதை இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. 703 என்றால் 703. அளவீட்டுப் பிழைக்கு இடம் வேண்டுமென்றால் அதையும் சேர்த்துக் கொஞ்சம் பெரிய சில்லராகத் தேர்ந்தெடுங்கள்.

7.3 பகுதிச் சுமை

ஐபிஎல்வி குறைந்தது 5.0 இருக்க வேண்டும், ஏஹெச்ஆர்ஐ 551/591 முறையிலேயே:

```
IPLV = 0.01A + 0.42B + 0.45C + 0.12D
```

ஆனால் இந்த எண்ணை வைத்து யாருக்கும் ஆர்டர் போகாது. அந்தச் சூத்திரத்தில் 75, 50, 25 சதவீதச் சுமைக்கு வெளிக்காற்று 27, 19, 13 டிகிரி. திருச்சியில் 13 டிகிரி என்று ஒரு இரவு கிடையாது. மருத்துவமனை 24 மணி நேரமும் ஓடுகிறது, கோடையில் நள்ளிரவிலும் மொட்டை மாடிக் காற்று 28, 29-ல்தான் நிற்கும். குளிர்ந்த காற்றில் அள்ளிய மதிப்பெண்ணைக் காட்டி இங்கே மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது. ஆகவே விலை ஒப்பீட்டுக்கு எங்கள் இடத்தின் சூத்திரம் இது:

```
SITE = 0.05A + 0.35B + 0.45C + 0.15D
```

இதில் A என்பது 100 சதவீதச் சுமை, 42 டிகிரி காற்று. B 75 சதவீதம், 36 டிகிரி. C 50 சதவீதம், 31 டிகிரி. D 25 சதவீதம், 27 டிகிரி. நான்கிலும் வெளியேறும் தண்ணீர் 7 டிகிரி, ஓட்டம் அதே 33.6 லிட்டர். தண்ணீரை 9 டிகிரிக்கு ஏற்றி எண்ணை அழகாக்க வேண்டாம், அறுவை அரங்கின் ஈரப்பதம் அதற்கு விடாது. சிஓபி B-யில் குறைந்தது 3.4, C-யில் 4.1, D-யில் 4.0. மொத்த SITE மதிப்பு 3.85-க்குக் குறையக் கூடாது. தனித்தனிக் குறைந்த அளவுகளைத் தொட்டாலே மொத்தம் தேறிவிடாது, எங்காவது ஒரு புள்ளியில் அதைவிட நன்றாகச் செய்தாக வேண்டும். எங்கே என்பதை உங்களிடம் விடுகிறோம். C-யில் செய்தால் எங்களுக்கு மகிழ்ச்சி, வருடத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஓடப் போகிறது.

ஹாட் கேஸ் பைபாஸ் இல்லாமல் 20 சதவீதம் வரை சீராக இறங்க வேண்டும். கம்ப்ரஸர் நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று நின்று கிளம்புவதைச் சீராக இறங்குவதாகக் கணக்கில் எடுக்க மாட்டோம்.

7.4 சத்தம்

ஒலித் திறனைக் கொடுங்கள், ஒலி அழுத்தத்தை அல்ல. "10 மீட்டரில் 62 டெசிபல்" என்று எழுதினால் அது எந்தத் தளத்தின் மேல், எந்தத் திசையில், எத்தனை ஃபேன் ஓடும்போது என்று யாருக்கும் தெரியாது. ஏஹெச்ஆர்ஐ 370 முறையிலோ ஐஎஸ்ஓ 9614-2 முறையிலோ அளந்த ஒலித் திறன், 63 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஆக்டேவ் வாரியாகவும், ஏ-எடையிட்ட மொத்தமாகவும் வேண்டும்.

பகலில் A நிலையில் ஒரு சில்லருக்கு 93 டெசிபல்-ஏ, இரவில் C நிலையில் 86 டெசிபல்-ஏ. இதற்கு மேல் அரை டெசிபல்கூட ஏறக் கூடாது.

86 எப்படி வந்தது என்றால், இரண்டு சில்லர் சேர்ந்து 89. 45 மீட்டர் தூரத்துக்கு 33 கழிகிறது, தளத்தின் மேல் அரைக்கோளமாகப் பரவுவதற்கு 8 கழிகிறது, மீதி 48. மொட்டை மாடியின் ஒலித்தடுப்புச் சுவருக்கு நாங்கள் கணக்கில் எடுத்தது 8, ஆக ஜன்னலில் 40. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45, அமைதி மண்டலத்துக்கு 40. மருத்துவமனையைச் சுற்றி அமைதி மண்டலம் அறிவிக்கப்படலாம், அதனால் நாங்கள் 40-ஐத்தான் வைத்துக்கொண்டோம். கணக்கில் ஒரு டெசிபல்கூட மிச்சமில்லை, அதனால்தான் இவ்வளவு கறார்.

இந்தப் பிரிவிலேயே முக்கியமானது இது: இரவு நேரச் சத்தமும் C-யின் சிஓபியும் ஒரே ஓட்டத்தில், ஒரே ஃபேன் வேகத்தில், ஒரே கன்ட்ரோல் செட்டிங்கில் கிடைக்க வேண்டும். ஃபேனை முழு வேகத்தில் விட்டு சிஓபியையும், மெதுவாக்கிவிட்டுச் சத்தத்தையும் தனித்தனியாக அளந்து ஒரே டேட்டா ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் போடுவது இந்தத் தொழிலில் சகஜம். ஃபேன் மெதுவானால் கண்டென்ஸிங் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் கூடுதலாக இழுக்கும். அப்படி ஒட்டவைத்த எண்களில் ஓடும் சில்லர் உலகத்தில் இல்லை.

ஸ்க்ரூ கம்ப்ரஸரின் ஊளையும் இங்கே பிரச்சினை. ஐந்து பல் ரோட்டர் நிமிடத்துக்கு 2950 சுற்றில் ஓடினால் 246 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தனி ஒலி எழும், டிரைவ் வேகம் மாற மாற அதுவும் இடம் மாறும். மொத்த டெசிபல் சரியாக இருந்தாலும் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். மூன்றில் ஒரு ஆக்டேவ் அளவீட்டில், 160 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை எந்தப் பட்டையும் தன் இரு பக்கத்துப் பட்டைகளையும்விட 8 டெசிபலுக்கு மேல் உயரக் கூடாது. 500-க்கு மேல் 5 டெசிபல். கம்ப்ரஸர் உறை, டிஸ்சார்ஜ் மஃப்ளர் எல்லாம் விலைக்குள்ளேயே சேர வேண்டும். அதிர்வுக்கு 25 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் மவுண்ட்கள்.

7.5 தொழிற்சாலையில் எங்கள் கண் முன்னால் சோதனை

மூன்று சில்லர்களும் முழுதாகக் கட்டி முடித்த பிறகு 21 நாள் முன்னறிவிப்புத் தாருங்கள். எங்கள் தரப்பில் மூன்று பேர் வருவோம். எந்த சில்லரைச் சோதிப்பது என்பதை வந்த அன்று நாங்கள் சீரியல் எண்ணைப் பார்த்துச் சொல்வோம், முன்கூட்டியே ஒன்றைத் தயார்செய்து வைக்க வேண்டாம். மற்ற இரண்டுக்கும் A நிலையில் நீங்களே சோதித்து அறிக்கை தரலாம்.

சோதனை 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸில். 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக் கணக்குப் போட்டு மாற்றுவது செல்லாது. வெளியே ஓட்டிப் பார்த்து 42 டிகிரிக்குத் திருத்துவதும் செல்லாது, காற்றின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அறை வேண்டும். ஓட வேண்டியவை A, B, C, D, 46 டிகிரி, 20 சதவீதம், மின்தடைக்குப் பின் மறு கிளம்பல், C-யில் சத்தம், A-யில் சத்தம். ஒவ்வொரு செயல்திறன் புள்ளியிலும் 30 நிமிடம் நிலைக்கு வந்த பிறகு அடுத்த 30 நிமிட அளவுகளின் சராசரிதான் முடிவு.

தண்ணீர் வெப்பநிலை அளவிகளில் கவனம் வேண்டும். 5 டிகிரி வித்தியாசத்தில் பத்தில் ஒரு டிகிரி தவறினால் கொள்ளளவு 2 சதவீதம் தவறும், 14 கிலோவாட் காற்றில் போகும். அதனால் உள்ளே, வெளியே இரண்டு அளவிகளையும் ஜோடியாக ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்து 0.05 டிகிரிக்குள் ஒத்துப்போவதை எங்கள் முன் காட்ட வேண்டும். இரண்டு தனித்தனி ஓட்ட அளவிகள், இரண்டு தனி வெப்பநிலை ஜோடிகள். இரண்டு வழியில் வரும் கொள்ளளவும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. அளவிகளின் கேலிப்ரேஷன் சான்று ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடமிருந்து, ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். புதுக் குழாய் சுத்தமாக இருக்கும் என்பதால் ஃபவுலிங்குக்கான தண்ணீர் வெப்பநிலைத் திருத்தத்தை முன்பே எழுத்தில் தாருங்கள், அங்கே வந்து பேசிக்கொள்ள வேண்டாம்.

சத்தம் அளக்கும்போது பின்னணி இரைச்சல் குறைந்தது 10 டெசிபல் கீழே இருக்க வேண்டும்.

ரெஃப்ரிஜரன்ட் எத்தனை கிலோ, டிரைவ் செட்டிங், கன்ட்ரோலர் சாஃப்ட்வேர் பதிப்பு மூன்றையும் சோதனைக்கு முன்பும் பின்பும் குறித்துக் கையெழுத்திடுவோம். சைட்டுக்கு வரும் மூன்று சில்லர்களும் அதே செட்டிங்கில் இருக்க வேண்டும். மூல அளவீட்டுக் கோப்புகளை நாங்கள் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் முன்பே நகலெடுத்துக்கொள்வோம்.

7.6 தேறாவிட்டால்

கொள்ளளவு 703-க்குக் கீழே, அல்லது சத்தம் வரம்புக்கு மேலே என்றால் சரிசெய்து ஒரு முறை மறு சோதனை. அதற்கான எங்கள் பயணம், தங்கும் செலவு உங்களுடையது. முதல் சோதனைக்கு எங்களுடையது. மறுபடியும் தவறினால் மூன்று சில்லர்களையும் ஏற்க மாட்டோம்.

A-யில் மின்சாரம் 255-ஐத் தாண்டினாலும் முதலில் சரிசெய்து மறு சோதனைதான். அதிலும் தாண்டி, 3 சதவீதத்துக்குள் நின்றால், சில்லர் ஒன்றுக்கு ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 3 லட்சம் ரூபாய் பிடிப்போம். கணக்கு இதுதான்: ஒரு கிலோவாட், வருடம் 5000 மணி நேரம், யூனிட் 8.50 ரூபாய், ஆக வருடத்துக்கு 42,500; ஏழு வருடத்துக்கு 2,97,500. 3 சதவீதத்தைத் தாண்டினால் நிராகரிப்பு. B, C, D-யில் எது குறைந்தாலும், SITE 3.85-ஐத் தொடாவிட்டாலும் அதே மறு சோதனை விதிதான், அங்கே பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை.

எங்கள் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த சில்லரும் லாரி ஏறக் கூடாது. ஏறினால் இறக்கி வைக்க கிரேன் வராது, பணமும் வராது.