ஆடி அமாவாசைக் கூட்டம் முடிந்தது: நம் மெஸ் ஆட்கள் எல்லோருக்கும்

அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

அமாவாசைக்கு முந்தின நாளே ஊர் நிரம்பிவிட்டது. அம்பாள் தேர் முடிந்த பிறகுதான் சன்னதித் தெருவில் கால் வைக்க இடம் கிடைத்தது. அந்த ஒரு வாரமும் நம் அடுப்பு ஒரு வேளைகூட அணையவில்லை. பசியோடு வந்தவர் யாரையும் "சாப்பாடு தீர்ந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பவும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து பணம் எண்ணியது நான். அந்தப் பணத்தைக் கொண்டுவந்து சேர்த்தது நீங்கள். அதை நேரில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதி ஒட்டுகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் முதல் மேசை துடைக்கிற தம்பி வரை பதினாலு பேருக்கும் ஆளுக்கு 3,000 ரூபாய். எல்லோருக்கும் ஒரே தொகை. போன மாசம் சேர்ந்தவருக்கும் அதேதான், பத்து வருஷமாக இருப்பவருக்கும் அதேதான். சம்பளத்தில்தான் அனுபவத்துக்குத் தகுந்த வித்தியாசம் இருக்கிறதே, இந்த வாரத்து அலுப்பில் என்ன வித்தியாசம்? ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தனியாக வரும். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அவரவர் கணக்கைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கவரில் போடுவேன். டிப்ஸ் டப்பாவில் சேர்ந்ததையும் சப்ளையர்களோடு நிறுத்தாமல் பதினாலாகப் பிரிக்கிறோம். அதற்கு முதலில் "சரிக்கா" என்று சொன்னதே சப்ளையர் தம்பிகள்தான். அதுக்கும் நன்றி.

இந்த 3,000 தீபாவளி போனஸில் கழியாது. அட்வான்ஸ் வாங்கியிருப்பவர்களுக்கும் இதில் ஒரு ரூபாய் பிடித்தம் கிடையாது. பெரிய தொகை இல்லை என்று எனக்குத் தெரியும். காய்கறி, கேஸ், தண்ணி லாரி எல்லாம் போக மிஞ்சியதில் கடனுக்குக் கட்ட வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறேன்.

இனி, யார் என்ன செய்தார்கள் என்பது. வாசலில் நின்று பாராட்டிவிட்டுப் போகிறவர்கள் சாம்பாரைத்தான் பாராட்டுவார்கள். அந்தச் சாம்பாருக்குப் பின்னால் யார் யார் என்று எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

உச்சிப்புளி அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் அரிசி ஊறப்போடும்போது என்னிடம் வந்து, "நாளைக்கு ராத்திரி யாரும் சோறு கேக்க மாட்டாங்க, பலகாரம்தான். இன்னொரு ஈடுக்குப் போடவா?" என்றார். நான் யோசிப்பதற்குள் உளுந்தையும் அளந்துவிட்டார். விடியுமுன் கிரைண்டரை ஓட்டி, நாலு பெரிய அண்டாவில் மாவைக் கரைத்து, எது முதலில் பொங்கும், எது ராத்திரிக்கு என்று மூடிமேல் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு. தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஒரு வேளைதான் சோறு என்றிருந்த ஜனம் ராத்திரி ஏழு மணிக்கு மொத்தமாக இட்லிக்கு வந்து நின்றபோது பக்கத்துக் கடைகளில் மாவு இல்லை. நம்மிடம் பத்தரை மணி வரை இருந்தது, ஒரு இட்லிகூடப் புளிக்கவில்லை. அந்த ஒரு ராத்திரி வியாபாரம் முழுக்க உச்சிப்புளி அக்காவின் யோசனை.

மாஸ்டர் அண்ணன் வெங்காயம், பூண்டு படாத சமையலுக்குத் தனி அடுப்பு, தனிக் கரண்டி என்று வைத்து, கடைசி வரை அதைக் கலக்கவிடவில்லை. கூட்டம் நெரிக்கும்போது அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடுவது சுலபம். விரதத்தோடு வருகிறவர் நம்மை நம்பித்தான் இலையில் உட்காருகிறார். வாழைக்காய்க் கூட்டைப் பற்றி ஒரு பெரியவர் கேட்டதற்கு, "நறுக்கிக் கொடுத்தவங்க உள்ளே இருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று அண்ணன் கையைக் காட்டினார். அந்தப் பெரியவர் உள்ளே வந்து மண்டபம் அக்காவிடமும் தங்கச்சிமடம் அக்காவிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பின்பக்கம் பாத்திரம் தேய்த்த மூன்று அக்காமாரை வாடிக்கையாளர் யாரும் பார்த்திருக்க மாட்டார். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தியதால் தண்ணி லாரி மத்தியானம் வரவில்லை. இந்தத் தீவில் போர்த் தண்ணியை வைத்துச் சமைக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். முதல் கழுவலுக்கு உப்புத் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி என்று அவர்களே பிரித்து, இருந்த தொட்டியைச் சமையலுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தார்கள். ராத்திரி அவர்கள் கையைப் பார்த்தேன். புளியும் சோப்பும் உப்பும் சேர்ந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நாளையிலிருந்து முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை இருக்கும், நிற்கிற இடத்தில் தண்ணி தேங்காமல் தரையையும் சரிபண்ணச் சொல்லியிருக்கிறேன். இது போனஸ் கணக்கில் வராது.

பீகார் தம்பிக்கு இதை யாராவது இந்தியில் வாசித்துக் காட்டுங்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு டோக்கன், சாப்பாடு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் எந்தப் பக்கம் வரிசை என்பது வரை அவன்தான் பொறுமையாகச் சொன்னான். தன் ஆட்களை விட்டுத் தவறிய ஒரு வயசான அம்மாவை உட்கார வைத்து, டீ கொடுத்து, கைபிடித்துப் போலீஸ் உதவி மையம் வரை கொண்டுபோய் விட்டுவந்ததும் அவன்தான். சாப்பாட்டு நேரத்தில் போனான் என்று யாரும் முணுமுணுக்காமல் அவன் வரிசையையும் சேர்த்துப் பார்த்த பாம்பன் தம்பிக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

தோசைக்கல்லில் நின்றவர், டீ மாஸ்டர், பார்சல் கட்டியவர், ஈர மணலோடு வந்த கூட்டத்துக்குப் பின்னால் ஓயாமல் தரை துடைத்த சின்னத் தம்பி: ஒவ்வொருவர் கவரிலும் அவரவர் செய்ததை ஒரு வரி என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வீட்டில் காட்டுங்கள்.

சிறந்த ஊழியர் என்று ஒருவரை நிறுத்திச் சால்வை போடப் போவதில்லை. ஒருவர் தலையில் சூட்டினால் மற்றவர்கள் செய்தது மறைந்துவிடும்.

வருகிற செவ்வாய்க்கிழமை கடை முழுநாள் லீவு, சம்பளத்தோடு. அதுபோக ஆளுக்கு இன்னொரு நாள் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் ரெண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கு முதலிடம். மாஸ்டர் அண்ணனும் லீவு எடுத்தே ஆக வேண்டும், "நான் இல்லாம எப்படிக்கா" என்ற பேச்சே கூடாது.

புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கும் கூட்டம் வரும். அதற்குள் பாத்திரத்துக்கு ஒருவர், சப்ளைக்கு ஒருவர் என்று ரெண்டு ஆளைக் கூட்டிக்கொள்கிறேன். தெரிந்தவர் யாராவது வேலை தேடினால் சொல்லுங்கள், உங்கள் சொந்தக்காரராக இருந்தாலும் சரி. ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் மறுநாள் காலை அடுப்புக்கு வர வேண்டியதில்லை என்பதையும் அப்போதிருந்து வழக்கமாக்கிக்கொள்வோம்.

கவர் இன்று மத்தியானம் பந்தி முடிந்ததும் கொடுக்கிறேன். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், இன்றைக்குப் பரிமாறுவது நானும் என் வீட்டுக்காரரும். கணக்கில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் தயங்காமல் அங்கேயே கேளுங்கள்.

நன்றியோடு,
உங்கள் அக்கா
ராமேஸ்வரம்