வேளச்சேரி வீட்டுக்கு நாங்கள் நால்வர் எழுதிக்கொண்ட ஒப்பந்தம்

தேதி: 8 ஜூன் 2025, ஞாயிறு

வேளச்சேரியில் இரண்டாம் மாடியில் உள்ள மூன்று படுக்கையறை வீட்டில் 1 ஜூன் 2025 முதல் சேர்ந்து குடியிருக்கும் தேன்மொழி, ரம்யா, ஜெனிஃபர், சபீனா ஆகிய நால்வரும் பேசி முடிவு செய்தவை இவை.

இது எதற்கு

வீட்டுக்காரரோடு போட்ட 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் தேன்மொழி, ரம்யா இருவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை வாடகை வராவிட்டால் இவர்கள் இருவரும்தான் பதில் சொல்ல வேண்டும். அட்வான்ஸும் இவர்கள் கையில்தான் திரும்பி வரும். ஜெனிஃபர், சபீனா கொடுத்த பணத்துக்கு வீட்டுக்காரரிடம் எந்தத் தாளும் கிடையாது. அவர்களுக்கு இந்தத் தாள்தான் ரசீது. பெயர் போட்ட இருவருக்கோ, மற்றவர்கள் சொல்லாமல் கிளம்பினால் முழு வாடகையும் தங்கள் தலையில் விழாமல் இருக்க இது வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் வாங்கவில்லை. நால்வரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறோம்.

1. வாடகை

மாத வாடகை 32,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 2,000 ரூபாய். வாடகையைச் சமமாகப் பிரிக்கவில்லை, அறையைப் பார்த்துப் பிரித்திருக்கிறோம்.

பால்கனியும் உள்ளேயே பாத்ரூமும் உள்ள பெரிய அறையில் தேன்மொழியும் ஜெனிஃபரும் இருக்கிறார்கள். ஆளுக்கு 7,500. நடு அறை ரம்யாவுக்கு, 10,000. ஏசி இருக்கிறது, தனியாகவும் இருக்கலாம், அதனால் அதற்கு விலை அதிகம். சின்ன அறை சபீனாவுக்கு, 7,000. அதில் ஏசி இல்லை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். தனி அறை என்பதால் இன்னும் கூட்டலாமே என்று பேச்சு வந்தது. மே மாதத்தில் அந்த அறையில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சபீனா சொன்னதோடு அது முடிந்தது.

மெயின்டனன்ஸ் ஆளுக்கு 500. ஆக மாதம் தேன்மொழி 8,000, ஜெனிஃபர் 8,000, ரம்யா 10,500, சபீனா 7,500.

வாடகை 5ஆம் தேதிக்குள் வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரும் 3ஆம் தேதிக்குள் தேன்மொழிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் மொத்தமாகக் கட்டிவிட்டு ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார். யாருக்காவது சம்பளம் தள்ளிப்போனால் 1ஆம் தேதியே சொல்லிவிடுங்கள், மற்ற மூவரும் சேர்ந்து சமாளிப்போம். அந்தப் பணம் 15ஆம் தேதிக்குள் திரும்பி வர வேண்டும், வட்டி கிடையாது. தொடர்ந்து இரண்டாவது மாதமும் அப்படி ஆனால் மற்றவர்கள் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாக்கி அவருடைய அட்வான்ஸ் கணக்கில் கழியும்.

2. அட்வான்ஸ்

வீட்டுக்காரரிடம் கொடுத்தது மூன்று மாத வாடகை, 96,000 ரூபாய். ஒவ்வொருவரும் தங்கள் வாடகைப் பங்கின் மூன்று மடங்கைக் கொடுத்திருக்கிறார்கள்: தேன்மொழி 22,500, ஜெனிஃபர் 22,500, ரம்யா 30,000, சபீனா 21,000. இந்தத் தொகைகளைப் பெற்று வீட்டுக்காரரிடம் சேர்த்துவிட்டதாகத் தேன்மொழியும் ரம்யாவும் இதில் ஒப்புக்கொள்கிறார்கள்.

காலி செய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் எழுதி வாங்கியிருக்கிறார். கடைசியில் இருப்பவர்கள் மட்டும் அதைச் சுமப்பது நியாயமில்லை. அதனால் இந்த 32,000 ரூபாயை 20 மாதங்களுக்குப் பரப்பிக்கொள்கிறோம். இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவரவர் வாடகைப் பங்கில் இருபதில் ஒரு பாகம் பெயிண்ட் கணக்கில் ஏறும்.

உதாரணமாக, சபீனா 10 மாதம் இருந்துவிட்டு 31 மார்ச் 2026 அன்று கிளம்பினால் மாதம் 350 வீதம் 3,500 ரூபாய் அவர் கணக்கு. அவருக்கு 17,500 திரும்பும். புதிதாக வருபவர் முழு 21,000 கொடுப்பார். மிச்சம் நிற்கும் 3,500 அந்த அறையின் பெயரில் பெயிண்ட் பணமாக ஜெனிஃபரிடம் இருக்கும். வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்த அறைக்கு விழும் 7,000 ரூபாயில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 20 மாதத்துக்கு முன்பே எல்லோரும் காலி செய்ய வேண்டி வந்தால், குறையும் தொகையை அன்றைக்கு இருப்பவர்கள் அவரவர் அறைக்கு ஏற்பக் கொடுப்பார்கள். முன்பே போனவரைத் தேடிப் போய்க் கேட்கக் கூடாது.

உடைந்த குழாய், கீறிய கதவு போன்றவற்றுக்கு உடைத்தவர் பொறுப்பு. யார் என்று தெரியாவிட்டால் நாலாகப் பிரிக்கலாம். வந்த அன்றைக்கே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். கிச்சன் சிங்க்குக்குக் கீழே ஏற்கெனவே இருந்த ஈரக்கசிவும் அதில் பதிவாகியிருக்கிறது.

3. ஈபி பில்லும் மற்றச் செலவும்

ஈபி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடிவிடும். வெயில் காலத்தில் இரண்டு ஏசியும் ஓடினால் தாண்டத்தான் செய்யும். எனவே இரண்டு ஏசிக்கும் தனித்தனியாகச் சின்ன மீட்டர் போட்டிருக்கிறோம். ஏசி ஓடிய யூனிட் அந்தந்த அறைக்காரருக்கு, மீதி யூனிட் நால்வருக்கும் சமம். யூனிட் விலை, மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தது. ஏசி இல்லாத சபீனா எந்த பில்லிலும் 500 ரூபாய்க்கு மேல் தர வேண்டியதில்லை. அதற்கு மேல் வருவதை ஏசி ஓட்டியவர்கள் அந்த யூனிட் கணக்கில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

நெட், சிலிண்டர், கேன் தண்ணீர், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் 3,000 எல்லாம் நாலில் ஒரு பங்கு. யார் ஊருக்குப் போயிருந்தாலும் அக்காவின் சம்பளத்தில் குறைக்க முடியாது. அரிசி, பருப்பு, எண்ணெய் பொது. பால், முட்டை, பழம், நொறுக்குத்தீனி அவரவர் சொந்தம். அதில் அடுத்தவர் கை வைத்தால் மறுநாளே வாங்கி வைத்துவிட வேண்டும். கணக்கு கூகுள் ஷீட்டில் ஜெனிஃபர் எழுதுவார். பில்லின் போட்டோ இல்லாத செலவு கணக்கில் வராது.

4. வீட்டு வேலை

அக்கா காலையில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் துலக்கிவிட்டுப் போகிறார். இரவுப் பாத்திரத்தை அவரவரே கழுவ வேண்டும். காய்ந்து ஒட்டிய தட்டை அக்கா வரட்டும் என்று போட்டு வைக்காதீர்கள்.

மீதி வேலை வார முறை. தேன்மொழி, ரம்யா, ஜெனிஃபர், சபீனா என்ற வரிசையில், ஞாயிறு மாலை முறை மாறும். முறைக்காரர் தினமும் மோட்டார் போட்டு, டேங்க் நிறைந்ததும் மறக்காமல் நிறுத்த வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் தனித்தனியாகக் காலை வண்டியில் கொடுக்க வேண்டும். கேன் தண்ணீர், சிலிண்டர் தீருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜை ஒருமுறை துடைக்க வேண்டும். பெரிய அறை பாத்ரூமை அந்த அறைக்காரர்களும், வெளி பாத்ரூமை ரம்யாவும் சபீனாவும் மாறி மாறிக் கழுவுவார்கள்.

முறை தவறினால் அபராதம் போடலாம் என்று ரம்யா சொன்னார், வேண்டாம் என்று முடிவு செய்தோம். நூறு ரூபாயை விட்டெறிந்துவிட்டு ஹாயாக இருக்கலாம் என்று ஆகிவிடும். அதற்குப் பதில் தவறவிட்ட வாரத்துக்கு அடுத்த வாரமும் அவர் முறையே. ஊருக்குப் போகிறவர் முன்கூட்டியே யாரிடமாவது மாற்றிக்கொள்ள வேண்டும்.

சமையல் இரவுக்கு மட்டும். முடிந்தவர்கள் சேர்ந்து சமைப்போம், கட்டாயமில்லை. ரம்யா அசைவம் தொடமாட்டார் என்பதால் ஒரு கடாய், ஒரு மிக்ஸி ஜார், ஃப்ரிட்ஜில் மேல் தட்டு சைவத்துக்கு. அதே சமயம் வீட்டில் மீன் பொரிப்பதை யாரும் தடுக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பொரியுங்கள், போதும்.

5. விருந்தினர்

தோழிகள் இரண்டு இரவு வரை தங்கலாம், குழுவில் ஒரு வரி சொன்னால் போதும். அம்மா, அக்கா, தங்கை ஒரு வாரம் வரை. அதற்கு மேல் என்றால் மற்ற மூவரும் சம்மதிக்க வேண்டும். ஆண்கள் இரவு தங்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை. அப்பா ஊரிலிருந்து வந்தால் என்ன செய்வது என்று அவரிடமே கேட்டோம், முன்கூட்டிச் சொன்னால் சரி என்றார்.

6. ஒருவர் கிளம்பினால்

கிளம்புகிறவர் முழுசாக ஒரு மாதம் முன்பு குழுவில் எழுத்தில் சொல்ல வேண்டும். மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் கணக்கு. செப்டம்பர் 10 அன்று சொன்னால் அக்டோபர் முழுக்க வாடகை உண்டு. வேலை போனது, வீட்டில் உடம்பு சரியில்லாதது போன்ற அவசரத்துக்கு 15 நாள் போதும், வாடகையும் அந்த 15 நாள் வரைதான். கல்யாணம் இந்த அவசரத்தில் சேராது. தேதி குறித்ததும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.

புது ஆளைத் தேடுவது நால்வரின் வேலை, கிளம்புகிறவருக்குக் கொஞ்சம் அதிக வேலை. வருபவர் நேரில் வந்து எல்லோரிடமும் பேச வேண்டும். இருக்கப்போகிற மூவரும் ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்போம். சாதி, மதம், ஊர், சாப்பாடு இவற்றைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வேறு காரணத்துக்கு மறுக்கலாம். ஆனால் கிளம்புகிறவர் கொண்டுவந்த இரண்டு பேரை மறுத்துவிட்டால் அதற்குப் பிறகு காலி அறையின் வாடகை மறுத்தவர்கள் பொறுப்பு.

ஆள் கிடைக்காவிட்டால், நோட்டீஸ் முடிந்த பிறகு இன்னும் ஒரு மாதப் பங்கைக் கிளம்பியவர் தருவார். அவசரத்தில் போனவருக்கு இது இல்லை. அதற்கு மேல் காலி இடத்தின் வாடகையை மற்ற மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனால் இரண்டு மாதப் பங்கு அட்வான்ஸில் கழியும்.

அட்வான்ஸில் பெயிண்ட் கணக்கும் பாக்கியும் போக மீதி, புது ஆள் பணம் கொடுத்த அன்றே கிளம்பியவருக்குப் போக வேண்டும். ஆள் வராவிட்டாலும் கிளம்பி 60 நாளுக்குள் மற்ற மூவரும் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். காலி செய்யும்போது வாங்கிக்கொள் என்று இழுத்தடிக்கக் கூடாது.

கிளம்புவது தேன்மொழி அல்லது ரம்யா என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டுக்காரரிடம் பேசி, ஒப்பந்தத்தில் தன் பெயருக்குப் பதில் இருப்பவர் ஒருவர் பெயரை எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதும் அதில் வர வேண்டும். அதுவரை அவருக்கு அட்வான்ஸ் திரும்பாது, 60 நாள் கணக்கும் ஆரம்பிக்காது. மற்றவர்கள் கையெழுத்துப் போடாமல் தாமதித்தால் அந்தத் தாமதம் அவர் மேல் வராது. இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பக் கூடாது.

காலியாகும் அறையை உள்ளே இருப்பவர்கள் முதலில் கேட்கலாம். வாடகை அறையோடு போகும், ஆளோடு போகாது. அட்வான்ஸ் வித்தியாசத்தையும் மாறும்போதே சரிசெய்துவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜ் 18,000 ரூபாய்க்கு நால்வரும் சேர்ந்து வாங்கியது, ஆளுக்கு 4,500. ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பங்கில் 900 குறையும். மீதியைப் புது ஆள் தருவார். வாஷிங் மெஷின் ஜெனிஃபருடையது, சிலிண்டர் இணைப்பு ரம்யா பெயரில். அவர்கள் போகும்போது அவையும் போகும். பழைய மெத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

7. தகராறு வந்தால்

ஹாலில் நால்வரும் உட்கார்ந்து பேசுவோம், குழுவில் டைப் அடித்துச் சண்டை போட வேண்டாம். பேசியும் முடியாவிட்டால் மூவர் சொல்வது முடிவு. ஆனால் வாடகைப் பங்கு, அட்வான்ஸ், 6ஆம் பிரிவு இவற்றை மாற்ற நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரரிடம் ஒருவரைப் பற்றி இன்னொருவர் புகார் சொல்லக் கூடாது. புதிதாக வருபவர் பணம் கொடுக்கும் முன்பு இதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். 30 ஏப்ரல் 2026 அன்று வாடகை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா என்று மார்ச் முதல் ஞாயிறு பேசுவோம். நீட்டித்து வாடகை ஏறினால் ஏறும் தொகை இப்போதைய பங்கின் விகிதத்திலேயே பிரியும்.

படித்துப் பார்த்துச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள்:

தேன்மொழி (பெரிய அறை)
ஜெனிஃபர் (பெரிய அறை)
ரம்யா (நடு அறை)
சபீனா (சின்ன அறை)