விழுங்கிய சினம்: ஆசிரியரின் உணர்வுழைப்பு குறித்து

கூலிக்காகத் தன் உணர்வையும் முகத்தையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் வேலையை, அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு 1983இல் வெளியிட்ட நூலில் உணர்வுழைப்பு என்று பெயரிட்டு விளக்கினார். உள்ளே இல்லாததை வெளியே காட்டுவது மேல்நடிப்பு; உள்ளத்தையே அதற்கேற்ப மாற்ற முயல்வது ஆழ்நடிப்பு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து உருவான இந்தப் பகுப்பு ஆசிரியருக்கு ஓரளவே பொருந்துகிறது. பயணி சில மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுவார்; மாணவனோ மறுநாளும் அதே இடத்தில் வந்து உட்காருவான்.

ஏற்காட்டு மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், வகுத்தல் கணக்குக்கு நடுவே ஒரு சிறுவன் தலைசாய்த்துத் தூங்கிவிட்டான். குரலை உயர்த்தி அவனை எழுப்பினேன். பதறி எழுந்து நோட்டைப் பிடித்த அவன் விரல்களில் பழத்தின் பிசுக்கு காயாமல் ஒட்டியிருந்தது. விடிவதற்கு முன்பே அம்மாவுடன் தோட்டத்துக்குப் போய்வந்திருக்கிறான். குரலைத் தாழ்த்தி, சிரித்து, முகம் கழுவிவரச் சொன்னேன்.

அந்தச் சிரிப்பை மேல்நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன்மீது எனக்கிருந்த பரிவு உண்மையானது. சினமும் தணிந்துவிடவில்லை. சிறுவனை விட்டு, ஒரு குழந்தையின் கை உதவியும் இருந்தால்தான் குடும்பத்துக்குக் கூலி போதும் என்ற நிலைமையின்மீது அது திரும்பியது. அதைச் சொல்வதற்குத்தான் வகுப்பறையில் இடமில்லை. ஆசிரியரைக் களைப்படையச் செய்வது முகத்துக்கும் மனத்துக்கும் உள்ள இடைவெளி மட்டுமன்று. உரிய இடத்தில் போய்ச் சேர முடியாத உணர்வை நாள்தோறும் சுமப்பதே பெரிய களைப்பு என்று கருதுகிறேன்.

இன்னின்ன இடத்தில் இன்னின்னவாறே உணர வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஹோக்ஷீல்டு உணர்வு விதி என்கிறார். நம்மிடம் அது பழையது: நல்லாசிரியருக்கு நிலத்தை உவமையாக்கி, அதன் பொறையை இலக்கணமாக வைத்தது நன்னூல். பொறை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சினமாகிய வெகுளியையும், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எண்வகை மெய்ப்பாட்டில் ஒன்றாக ஏற்ற தொல்காப்பியம், அது பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் குடிகோளையும் சேர்த்திருக்கிறது. சுற்றத்தாருக்குக் கேடு சூழ்வதே குடிகோள் என்பது உரை. அவ்வகையில் வெகுளி என்பது வெறும் அடக்கமின்மை ஆகாது. ஏதோ ஒரு கேட்டைக் கண்டதற்கான அறிகுறியும் ஆகும். வகுப்பில் அதைக் குழந்தைமீது கொட்டாமல் காப்பது ஆசிரியரின் கடமை. அது எதைக் கண்டு பிறந்தது என்பதைக் கேட்டறிவது பள்ளி நிருவாகத்தின் கடமை.

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் கற்றல் விளைவுகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அந்த வாரம் எந்தக் குழந்தையிடம் குரலை உயர்த்தினோம், ஏன் உயர்த்தினோம் என்று ஆசிரியர்கள் அச்சமின்றிச் சொல்ல அங்கேயே கால்மணி நேரம் ஒதுக்கலாம். தோட்டத்துக் கூலியைப் பற்றிய பேச்சும் அப்போது தானே எழும்.