எட்டு லட்சம் லாபம் எங்கே இருக்கிறது?

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான உறுப்பினர்களே, வணக்கம்.

கையில் இருக்கும் நம் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் ஆண்டறிக்கையில் 6-ஆம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கொண்டுவராதவர்கள் கவலைப்பட வேண்டாம், எண்களை நான் உரக்கப் படிக்கிறேன்.

கடைசி வரியில் 'நிகர லாபம் 8 லட்சம்' என்று இருக்கிறது. போன வருடம் இதே வரியில் 11 லட்சம். அறிக்கை அச்சாகி வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்பது, ஏன் 3 லட்சம் குறைந்தது என்றுதான். ஆனால் ஒரு மூத்த உறுப்பினர் பாஸ்புத்தகத்தை நீட்டிக்கொண்டே வேறொன்று கேட்டார்: "எட்டு லட்சம் லாபம்னா, அந்தப் பணம் இப்ப பீரோவுல இருக்கா தம்பி?" அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

பீரோவில் இல்லை ஐயா. வருடம் முழுக்க வட்டி வரவர, அந்தப் பணத்தையே அடுத்த உறுப்பினருக்குக் கடனாகக் கொடுத்துவிட்டோம். கொஞ்சம் வங்கியில் இருக்கிறது, பெரும்பகுதி உங்களில் பலர் வாங்கிய கடனாக வெளியே நிற்கிறது. அந்தக் கடன் திரும்பி வந்தால்தான் லாபம் கைக்கு வரும். வராவிட்டால் 8 லட்சம் என்பது தாளில் உள்ள எண் மட்டும்தான்.

இந்த வருடம் சங்கத்துக்கு மொத்த வருமானம் 40 லட்சம். அதை ஒரு ரூபாயாகச் சுருக்கிப் பார்ப்போம். அந்த ஒரு ரூபாயில் ஐம்பத்திரண்டரை பைசா, டெபாசிட் போட்ட உங்களுக்கே வட்டியாகப் போய்விட்டது. 15 பைசா சம்பளம், மின்கட்டணம், தணிக்கைக் கட்டணம் மாதிரியான நிர்வாகச் செலவு. பன்னிரண்டரை பைசாவை வாராக்கடனுக்காக ஒதுக்கி வைத்தோம். மீதி 20 பைசா லாபம். நிர்வாகச் செலவு 15 பைசாவைத் தாண்டினால் அடுத்த வருடம் இங்கே நின்று காரணம் சொல்ல வேண்டியவன் நான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பன்னிரண்டரை பைசாவுக்கு வருவோம். ரூபாயில் அது 5 லட்சம். போன வருடம் இதே தலைப்பில் 1 லட்சம்தான் ஒதுக்கினோம். ஒதுக்குவதற்கு முன் பார்த்தால் போன வருடம் மிஞ்சியது 12 லட்சம், இந்த வருடம் 13 லட்சம். அதாவது சங்கம் சம்பாதித்தது குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. குறைந்தது, தவணை நின்றுபோன கடன்களுக்காக நாம் எடுத்து வைத்ததால்.

எவ்வளவு நின்றுபோனது? உறுப்பினர்களிடம் உள்ள கடன் 320 லட்சம். அதில் மூன்று மாதத்துக்கு மேல் தவணை வராத கடன்களின் நிலுவை 24 லட்சம். நூறு ரூபாய்க்கு ஏழரை ரூபாய். போன வருடம் இது 4 ரூபாய். அறிக்கையில் ஒரே ஒரு விகிதத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். லாபத்தை விட இது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒருவர் டெபாசிட் போட்ட நூறு ரூபாயை இன்னொருவருக்கு வருடத்துக்கு 11 ரூபாய் வட்டிக்குக் கொடுக்கிறோம். டெபாசிட்காரருக்கு 7 ரூபாய் போய்விடும். நிர்வாகச் செலவுக்கு ஏறக்குறைய 2 ரூபாய். சங்கத்துக்கு மிஞ்சுவது 2 ரூபாய். அப்படியானால் ஒரு லட்சம் கடன் அடியோடு வராமல் போனால், அந்த ஓட்டையை அடைக்க எவ்வளவு நல்ல கடன் வேண்டும்? 50 லட்சம். 50 லட்சம் ரூபாய்க் கடனை வாங்கியவர்கள் வருடம் முழுக்க ஒரு தவணையும் தவறாமல் கட்டினால்தான் அந்த ஒரு லட்சம் ஈடாகும். ஒழுங்காகக் கட்டும் உறுப்பினர்களின் உழைப்பு அப்படித்தான் கரைகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கனக்கிறது.

ஒதுக்கீடு என்றால் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. வசூல் நடக்கிறது, ஜாமீன் போட்டவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. பழையதும் சேர்த்து 10 லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், 24 லட்சத்துக்கு அது பாதிக்கும் குறைவுதான். ஒதுக்கிய கடன் வசூலானால் அந்தத் தொகை திரும்ப லாபத்துக்கே வரும். ஒதுக்காமல் 13 லட்சம் லாபம் என்று அச்சடித்து உங்களிடம் கைதட்டல் வாங்கியிருக்கலாம். குழுவில் ஒருவர்கூட அதற்குச் சம்மதிக்கவில்லை.

அப்புறம், டெபாசிட் போட்டவர்களுக்கு இருக்கும் பயத்தைப் பற்றி. ஐந்தொகை 8-ஆம் பக்கத்தில் இருக்கிறது. சங்கத்தின் மொத்தச் சொத்து 418 லட்சம். அதில் உங்கள் பங்குப் பணம் 60, இத்தனை வருடமாகச் சேர்த்த காப்பு நிதி 40, இந்த வருட லாபம் 8, ஆக 108 லட்சம் சங்கத்தின் சொந்தப் பணம். நூற்றுக்கு 26. நஷ்டம் வந்தால் முதலில் அடி வாங்குவது இந்தப் பணம்தான், அது தீர்ந்த பிறகுதான் டெபாசிட்டைத் தொடும். டெபாசிட் மொத்தம் 300 லட்சம், வங்கியிலும் கையிலும் 90 லட்சம் வைத்திருக்கிறோம். நூறு ரூபாய் டெபாசிட்டுக்கு 30 ரூபாய் உடனே எடுத்துக் கொடுக்க முடியும். இந்த இடத்தில் நாம் நன்றாகவே இருக்கிறோம்.

கடைசியாக டிவிடெண்ட். போன வருடம் 10 சதவீதம், இந்த வருடம் குழு பரிந்துரைப்பது 6 சதவீதம். 5,000 ரூபாய் பங்கு வைத்திருப்பவருக்கு 500-க்குப் பதிலாக 300 வரும். 200 ரூபாய் குறைவது சிலருக்குப் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. 8 லட்சத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம்: காப்பு நிதிக்கு 2 லட்சம், டிவிடெண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், உறுப்பினர் கல்விக்கு 40 ஆயிரம், மீதி 2 லட்சம் வாராக்கடனுக்கான தனி நிதிக்கு. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையிலேயே பங்குப் பணத்துக்குக் கொடுக்கும் வட்டிக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். பங்குக்கு நிறையக் கிடைக்கும் என்று நாமும் இந்தச் சங்கத்தில் சேரவில்லை. அவசரத்துக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்கும் என்றுதான் சேர்ந்தோம். அடுத்து வருபவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

லாபப் பிரிவினைத் தீர்மானம் 11-ஆம் பக்கத்தில் இருக்கிறது. பங்கு அதிகமோ குறைவோ, ஆளுக்கு ஒரு ஓட்டு. கேள்விகள் முடிந்த பிறகே ஓட்டுக்கு விடுவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் கை தூக்கியிருக்கும் அம்மா முதலில் கேட்கட்டும், மைக்கை அங்கே கொண்டுபோங்கள்.