“பல்ஸ் இருக்கு அண்ணா”

சுடலைமுத்துவுக்கு வயது 24. வெல்டிங் பட்டறையில் வேலை. சாயங்காலம் ஆறே கால் மணிக்குப் பைபாஸில் ஒரு லோடு ஆட்டோ அவன் பைக்கை இடித்துத் தள்ளியது. ஏழு மணிக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். வலது முழங்காலுக்குக் கீழே நடுத்தண்டில் இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. தோல் கிழியவில்லை. எட்டரைக்கு, தொடை வரை மாவுக்கட்டு ஸ்லாப் போட்டு, டைக்ளோபினாக் ஊசி குத்தி, வார்டுக்கு அனுப்பினார்கள். காலையில் ஆபரேஷன் லிஸ்ட்டில் பெயர் சேர்ந்துவிட்டது.

அன்றிரவு எலும்பு வார்டில் டியூட்டி ஹவுஸ் சர்ஜன் பிரவீன். பி.ஜி. ரியாஸ் இடுப்பு உடைந்த ஒரு கேஸுக்காகத் தியேட்டருக்குள் போய்விட்டார். போகும்போது, “ஏதாவதுன்னா கூப்பிடு” என்றார். எல்லா சீனியர்களும் சொல்வதுதான். எது அந்த ‘ஏதாவது’ என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

10.40க்கு முதல் அழைப்பு வந்தது. பிரவீன் போய்ப் பார்த்தான். சுடலைமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பாதத்தின் மேல் விரல் வைத்தான் பிரவீன். நாடி நன்றாகத் துடித்தது. விரல்கள் சிவப்பாக, சூடாக இருந்தன. நகத்தை அழுத்தி விட்டதும் ரத்தம் உடனே திரும்பியது. “விரலை ஆட்டுங்க” என்றான். கொஞ்சம் ஆட்டினான். கேஸ் ஷீட்டில், ‘நாடி நன்று, விரல் அசைவு உண்டு, ரத்த அழுத்தம் 110/70’ என்று எழுதி, டிராமடால் ஏற்றச் சொன்னான்.

“டாக்டர், உள்ள காத்தடிச்சுக்கிட்டே இருக்க மாதிரி இருக்கு. டயர் வெடிக்கப்போவுதுன்னா ஒரு சத்தம் வருமே, அது மாதிரி” என்றான் சுடலைமுத்து.

“எலும்பு உடைஞ்சிருக்குல்ல, வலிக்கத்தான் செய்யும்” என்றான் பிரவீன். அவன் சொன்னது பொய்யில்லை, அதனால் அவனுக்கே அது போதுமானதாகப் பட்டது.

12.30க்கு மறுபடி அழைப்பு. டிராமடால் ஏறி முடிந்திருந்தது, வலி குறையவில்லை. பிரவீன் மறுபடி நாடி பார்த்தான். இருந்தது. பாராசிட்டமால் பாட்டில் ஒன்று போடச் சொல்லிவிட்டு, தியேட்டருக்கு போன் செய்தான். ரியாஸின் கைகள் கேஸில் இருந்தன. தியேட்டர் அண்ணன் போனை அவர் காதருகே பிடித்திருந்தார்.

“பல்ஸ் இருக்கா?”

“பல்ஸ் இருக்கு அண்ணா.”

“சரி, காலை நல்லா தூக்கி வை. முடிச்சிட்டு வரேன்.”

பிரவீன் இன்னொரு தலையணையை ஸ்லாப்புக்கு அடியில் செருகினான். கால் நெஞ்சு மட்டத்துக்கு வெகு மேலே போனது. வீங்கிய காலைத் தூக்கி வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகம்தான். தசைக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் காலை அப்படித் தூக்கினால், உள்ளே போகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் குறையும் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, வேறு அத்தியாயத்தில்.

1.45. இந்தத் தடவை சுடலைமுத்துவின் அம்மா நேராக டியூட்டி ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். “அய்யா, பய சாமானியத்துல அழ மாட்டான். பட்டறையில கையில கம்பி இறங்கினப்போகூட அழல. கட்டு இறுக்கமா இருக்கு போல, கொஞ்சம் பிரிச்சுப் பாருங்கய்யா.”

பிரவீன் போனான். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மதமதப்பாக இருப்பதாக சுடலைமுத்து சொன்னான். ஸ்லாப் என்பது பாதி மாவுக்கட்டுதானே, முன்பக்கம் வெறும் பஞ்சும் துணியும்தானே, அதில் என்ன இறுக்கம் என்று பிரவீன் நினைத்தான். தவிர, ராத்திரி நேரத்தில் ஸ்லாப்பைப் பிரித்து எலும்பு நகர்ந்துவிட்டால் காலையில் சீஃப்பிடம் யார் பதில் சொல்வது? ‘வீக்கத்தால் மதமதப்பு. நாடி நன்று. கவனிக்கவும்’ என்று எழுதினான். டிராமடால் இன்னொரு தடவை.

2.50க்கு லதா சிஸ்டர் வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் எலும்பு வார்டிலேயே இருப்பவர். கையில் மருந்து சார்ட்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எட்டரையில இருந்து இவருக்கு நாலு மருந்து போயிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது பாருங்க. விரலை அவரை ஆட்டச் சொன்னீங்க. நீங்க மடக்கிப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. பிரவீன் போய்க் கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்லக் கீழ்ப்பக்கமாக மடக்கினான். சுடலைமுத்து போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விரலை மடக்கினால் இழுபடுவது முன்காலின், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தின் தசை. வலி வந்தது அங்கேயிருந்துதான், முறிவிலிருந்து இல்லை. கட்டைவிரல் இடுக்கில் பஞ்சால் தொட்டான். தெரியவில்லை என்றான் சுடலைமுத்து. அந்த இரண்டு விரல் அகல இடத்துக்கு உணர்ச்சி தருகிற நரம்பு, முன்காலின் அந்தத் தசையை உறை போட்டு மூடியிருக்கிற அதே அறை வழியாகத்தான் கீழே இறங்குகிறது.

நாடி அப்போதும் நன்றாகத் துடித்தது.

ரியாஸ் தியேட்டர் உடையிலேயே 3.05க்கு ஓடி வந்தார். எதுவும் கேட்கவில்லை. கத்தரியை வாங்கி, துணிக்கட்டு, பஞ்சு எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை தோல் தெரியும்படி வெட்டினார். பஞ்சில் ஒரு அடுக்கைக்கூட விடவில்லை. ஸ்லாப்பைக் காலுக்கடியில் தாங்கலாக மட்டும் விட்டு, தலையணைகளை உருவிக் காலை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினார். பிரவீனின் கையைப் பிடித்து முன்காலில் வைத்தார். தோல் இழுத்துப் பளபளவென்று இருந்தது. அழுத்தினால் அமுங்கவில்லை.

இருபது நிமிஷம் பார்த்தார்கள். வலி குறையவில்லை. சீஃப் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார், தியேட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் ரியாஸ் ஊசி, சலைன் நிரப்பிய குழாய், மூன்று வழி அடைப்பான், பாதரச பி.பி. கருவி ஆகியவற்றை இணைத்து முன்கால் அறையின் அழுத்தத்தை அளந்தார். 52. கீழ் ரத்த அழுத்தம் 70. வித்தியாசம் 18.

“முப்பதுக்குக் கீழ போனாலே திறக்கணும். இந்த நம்பர் இல்லாட்டியும் திறந்திருப்போம். கேஸ் கைக்கே தெரியுது” என்றார் ரியாஸ்.

4.10க்கு சீஃப் கத்தி வைத்தார். வெளிப்பக்கம் ஒரு நீளமான கீறல், உள்பக்கம் ஒன்று. முன், பக்கம், பின்னால் மேல், பின்னால் ஆழம் என்று நான்கு அறைகளின் உறைகளையும் முழு நீளத்துக்குத் திறந்தார். உறை பிளந்ததும் தசை வெளியே பிதுங்கியது. மற்ற மூன்று அறைகளில் தசை கொஞ்ச நேரத்தில் சிவந்துவிட்டது. முன்கால் அறையில் ஒரு பகுதி மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில் கிடந்தது. டயதெர்மி மின்முனையால் தொட்டார். தசை துடிக்கவில்லை. வெட்டினால் ரத்தமும் வரவில்லை. “இது போயிடுச்சு” என்று சொல்லி அதை எடுத்தார். வெளியே கம்பிச் சட்டம் வைத்து எலும்பை நிறுத்தி, கீறல்களைத் தைக்காமல் திறந்தே விட்டார்கள். ரெண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை சிறுநீரின் நிறம், பொட்டாசியம், கிரியாட்டினின் மேல் கண் இருக்க வேண்டும்.

காலை ரவுண்ட்ஸில் சீஃப் சத்தம் போடவில்லை. கேஸ் ஷீட்டை பிரவீன் கையில் கொடுத்து, “முதல்ல இருந்து வாசி. நேரத்தோட” என்றார்.

பிரவீன் வாசித்தான். 10.40. 12.30. 1.45. மூன்று குறிப்பிலும் ‘நாடி நன்று’ இருந்தது. தனித்தனியாக எழுதும்போது சரியாகத்தான் இருந்தன. வரிசையாக வாசிக்கும்போது அவனுக்கே கேட்டது: வலி, கூடுதல் வலி, மருந்துக்கு அடங்காத வலி, மதமதப்பு.

“உள்ள 52. அவனோட மேல் பிரஷர் 110. நாடி எதுக்குப் போகணும்?” என்றார் சீஃப். யாரும் பேசவில்லை. “பெரிய தமனிய அமுக்க அந்த அழுத்தம் பத்தாது. ஆனா தசைக்குள்ள இருக்கிற நுண்குழாய்க்கு அது தாராளம். நாடி போற வரைக்கும் காத்திருந்தா, நீ காப்பாத்த அங்க தசையே மிச்சமிருக்காது. ரியாஸ், போன்ல நீ என்ன கேட்ட?”

“பல்ஸ் இருக்கான்னு கேட்டேன் சார்.”

“அதான். கேட்டதுக்கு அவன் பதில் சொன்னான்.”

அப்புறம் சீஃப் பிரவீனைக் கூட்டிக்கொண்டு சுடலைமுத்துவின் அம்மாவிடம் போனார். காலுக்குள் அழுத்தம் ஏறியதையும், அது ராத்திரியே தெரிந்திருக்க வேண்டியது, தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம் என்பதையும், கொஞ்சம் தசை போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பாதத்தைத் தூக்குவது சிரமமாக இருக்கலாம், முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிரவீன், “முதல்ல பாத்தது நான்தாம்மா. நீங்க கட்டைப் பிரிக்கச் சொன்னப்ப நான் பிரிக்கல. மன்னிச்சிருங்க” என்றான்.

அவர் திட்டவில்லை. “நான் சொன்னேன்லய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, சீஃப் பக்கம் திரும்பி, பையன் எப்போது சாப்பிடலாம் என்று கேட்டார். பிரவீனுக்கு அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க வெகுநாள் ஆயிற்று. ஆனாலும் தினமும் டிரெஸ்ஸிங்குக்கு அவனேதான் போனான்.

புண் மூட வெளிப்பக்கத்துக்குத் தோல் ஒட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் ஓ.பி.க்கு வந்தபோது சுடலைமுத்து பாதம் தொங்காமலிருக்க பிளாஸ்டிக் தாங்கி போட்டிருந்தான். கட்டைவிரல் கொஞ்சம் மேலே எழும்பியது. “பட்டறைல நின்னு செய்ற வேலை இப்ப முடியாது. உக்காந்து செய்ற கிரில் வேலை குடுத்திருக்காங்க” என்றான். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் வர பஸ் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அம்மா சொன்னார். வீட்டிலேயே செய்கிற மாதிரி பயிற்சிகளைப் பிரவீன் அவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான்.

பயிற்சி ஆண்டின் கடைசி மாதத்தில் இன்னொரு ராத்திரி. முழங்கை உடைந்த ஏழு வயதுப் பையன். வலி மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் சிணுங்கிக்கொண்டே இருந்தான். பிரவீன் மருந்து சார்ட்டை வாங்கிப் பார்த்தான். விரல்களை ஒவ்வொன்றாக அவனே நீட்டிப் பார்த்தான். பையன் முகம் சுளித்தான். கட்டைத் தோல் வரை பிரித்துவிட்டு ரியாஸை எழுப்பினான்.

ரியாஸ் தூக்கக் கலக்கத்தோடு வந்து முன்கையைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. விரல்களை நீட்டினார். கட்டைப் பிரித்ததிலேயே பையன் தூங்க ஆரம்பித்திருந்தான்.

“துணிதான் இறுக்கமா இருந்திருக்கு. இதுக்கா எழுப்பின?”

“ஆமா அண்ணா.”

ரியாஸ் கேஸ் ஷீட்டை வாங்கி நேரம் எழுதினார். “சரி, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாரு. சந்தேகம்னா மறுபடி எழுப்பு.”